ஒன்பதும் ஆறும்

மார்க்கையன்கோட்டை சுயம்புலிங்கத்தைப் போல ஒரு பயந்த மனிதனை நான் கண்டதில்லை. ரேடியோ ரிப்பேர்க்காரன், ஆனால் கரண்டைக் கண்டால் பயம். இடி இடித்தால் கட்டிலுக்கடியில் போய்விடுவான். மனைவி பவுனு கடைக்குப் போய்த் திரும்பக் கொஞ்சம் நேரமானால் தெருமுனைக்கு வந்து நின்றுகொண்டு போகிறவர் வருகிறவர்களையெல்லாம் விசாரிப்பான். இப்படிப்பட்டவன் பிழைக்கப் போன இடத்தைப் பாருங்கள்: தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வைகுண்டராஜ் நடத்திய வீடியோ கேம்ஸ் கடை.

எண்பத்தெட்டாம் வருஷம். மளிகையில் சம்பாதித்த வைகுண்டராஜ் மெட்ராஸிலிருந்து ஆறு சீட்டாட்ட மெஷின்களை வாங்கி வரிசையாக நிறுத்தியிருந்தார். டோக்கன் போட்டுப் பொத்தானை அமுக்கினால் டி.வி. பெட்டியில் ஐந்து சீட்டு விழும். வேண்டியதைப் பிடித்துக்கொண்டு வேண்டாததை ஒரு தரம் மாற்றலாம். ஒரு ஆட்டத்துக்கு ஒரு டோக்கனும் போடலாம், அஞ்சு வரைக்கும் போடலாம். ஜெயித்த டோக்கனைக் கல்லாவில் கொடுத்தால் வைகுண்டராஜ் துண்டுக்கடியில் கையை விட்டுக் காசு தருவார். போலீஸ் கேட்டால் பிள்ளைகள் விளையாடுகிற இடம். மெஷின்களைப் பழுது பார்க்கத்தான் சுயம்பு. தேனி வோல்டேஜுக்கு மெஷின்கள் வாரத்துக்கு ஒன்றாவது படுத்துவிடும்.

எந்தச் சீட்டுக்கு எவ்வளவு என்று மெஷின் நெற்றியில், உள்ளே டியூப் லைட் எரிகிற கண்ணாடியில் எழுதியிருக்கும். வருகிறவர்கள் எல்லாரும் உச்சி வரியை மட்டும் பார்ப்பார்கள். அஞ்சு டோக்கன் போட்டு, ஒரே ஜாதியில் பத்திலிருந்து ஏஸ் வரை வரிசையாக விழுகிற ராயல் வந்தால் நாலாயிரம். அதைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அந்த ராயல் நாற்பதாயிரம் ஆட்டத்துக்கு ஒரு தரம் வந்தால் அதிசயம். பார்க்க வேண்டியது நடுவில் இருக்கிற இரண்டு வரிகளை. மூன்று ஒரே சீட்டும் ஒரு ஜோடியும் சேர்ந்த ஃபுல் ஹவுஸ் ஒரு வரி, ஐந்தும் ஒரே ஜாதியாக வருகிற ஃப்ளஷ் ஒரு வரி. ஒரு டோக்கனுக்கு முன்னதில் ஒன்பதும் பின்னதில் ஆறும் இருந்தால் அது முழுசாகக் கொடுக்கிற மெஷின். எட்டும் ஐந்தும் இருந்தால் குறைத்துக் கொடுக்கிற மெஷின். மற்ற வரியெல்லாம் இரண்டிலும் அச்சு மாறாமல் ஒன்றுபோலத்தான் இருக்கும். இந்த இரண்டில் ஒவ்வொன்றும் தொண்ணூறு ஆட்டத்துக்கு ஒரு தரம் வாக்கில் வருவதால், வரிக்கு ஒன்று குறைத்தாலே ஆடுகிறவனிடமிருந்து நூற்றுக்கு ஒன்று கூடுதலாகக் கழன்றுவிடும். அவனுக்குத் தெரியவே தெரியாது.

சுயம்பு இதை ஒரே ஒருவனுக்குச் சொல்லியிருந்தான். அதுவும் பயத்தில்தான். குமுளிப் பாதையில் ஏலக்காய் லாரி ஓட்டும் சின்னக்கருப்பு ஒருநாள் அவன் தோளில் கைபோட்டு, "ஏலே மெக்கானிக்கு, எதுல உக்காரலாம்?" என்று கேட்டான். எடையில் ஏமாற்றிய ஒருவனின் மணிக்கட்டைச் சின்னக்கருப்பு தராசுத் தட்டிலேயே வைத்து ஒடித்த கதை பக்கத்து ஊரான போடி முழுக்கத் தெரியும். சுயம்பு நாக்கு குழற எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டான். ஆறு மெஷினும் அன்றைக்கு ஒன்பது, ஆறுதான். அன்று முதல் சின்னக்கருப்பு உட்காருவதற்கு முன்னால் நடுவரி இரண்டையும் விரல் வைத்துப் படிப்பான். ஆட்டம் தெரிந்தவன். நிதானமாக ஆடுவான். மூன்றாம் மெஷின்தான் அவனுக்கு ராசி.

ஆடி மாதம் வைகுண்டராஜ் வெள்ளிக் காகிதத்தில் சுற்றிய ஒரு சிப்பைக் கொண்டுவந்து சுயம்புவின் உள்ளங்கையில் வைத்தார். அதன் முதுகில் சிவப்பு மையில் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"மதுரையில ஒருத்தன்ட்ட வாங்குனது. எட்டு, அஞ்சு. மூணாவதுல மாட்டிரு."

"அப்ப கண்ணாடி, அண்ணாச்சி?"

"கண்ணாடி அப்பிடியே இருக்கட்டும். யாரு பாக்கப் போறாக?"

யார் பார்ப்பார் என்று சுயம்புவுக்குத் தெரியும். மாட்டேன் என்று சொல்லப் பயம், மாட்டிவிடவும் பயம். கண்ணாடியில் என்ன எழுதியிருந்தாலும் கொடுக்கிறது சிப்புதான். அஞ்சு டோக்கன் போட்டு ஃபுல் ஹவுஸ் வந்தால் கண்ணாடி நாற்பத்தைந்து என்று சொல்லும், மெஷின் நாற்பதோடு நின்றுவிடும். அப்புறம் சின்னக்கருப்பு திரும்பிப் பார்க்கப் போவது மெஷினையா, மெக்கானிக்கையா? ஸ்க்ரூவைக் கழற்றும்போதே மணிக்கட்டு வலிக்கிற மாதிரி இருந்தது. ஆனாலும் மாட்டினான்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. பவுனு கேட்டுக் கேட்டு விஷயத்தைக் கறந்தாள்.

"ஏங்க, மிசினு கொறச்சுக் குடுத்தா போர்டுலயும் கொறச்சு எழுதிருங்க. பொய்யிங்கிற பேராவது இருக்காதுல்ல?"

"அண்ணாச்சி வைவாக."

"வஞ்சா வஞ்சிட்டுப் போறாக. கையி ஒடியாதுல்ல?"

இந்தக் கணக்கு சுயம்புவுக்குப் பிடித்திருந்தது. மறுநாள் காலை கடை திறந்ததும் கண்ணாடியைக் கழற்றி, இரண்டு வரியிலும் இருந்த பத்து எண்களையும் பிளேடால் சுரண்டினான். பவுனுவின் நகப்பாலிஷை எடுத்துப் புதிதாக எழுதினான். ஃபுல் ஹவுஸுக்கு எட்டு, பதினாறு, இருபத்துநாலு, முப்பத்திரண்டு, நாற்பது. ஃப்ளஷ்ஷுக்கு ஐந்தில் தொடங்கி இருபத்தைந்து வரை. லைட்டைப் போட்டதும் எழுத்து ரத்தச் சிவப்பாக எரிந்தது.

வைகுண்டராஜ் வந்து பார்த்தார். சுயம்பு தூணோடு ஒட்டி நின்றான். அவர் வையவில்லை. "நல்லாத்தான் எழுதியிருக்க" என்று சொல்லிச் சிரித்துவிட்டுக் கல்லாவுக்குப் போனார். அந்தச் சிரிப்பு வசவைவிட மோசமாக இருந்தது. அடுத்த நாள் டியூப் லைட் வாங்கப் போடிக்குப் போ என்றார். டியூப் லைட் தேனியிலேயே கிடைக்கும். ஏன் போடி என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

மத்தியானம் திரும்பி வந்தால் அவனுடைய ஸ்க்ரூ டிரைவர் டப்பா இடம் மாறியிருந்தது. நாலாம் மெஷினின் கதவுப் பூட்டில் புதுக் கீறல். சுயம்பு அதையே பார்த்துக்கொண்டு நின்றான். சாவி இடுப்பில்தான் தொங்கியது. திறந்து பார்க்க ஒரு நிமிஷம் போதும். திறந்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன செய்வது? அவன் திறக்கவில்லை. ஒரு துணியை எடுத்து வந்து கண்ணாடியைத் துடைத்தான். நாலாம் மெஷினின் கண்ணாடி ஒன்பது, ஆறு என்று பளபளத்தது. பயந்தவனுக்குப் பார்க்காமல் இருப்பதில் ஒரு சுகம். அந்தச் சுகத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அவன்மேல் கோபம் வரும்.

சந்தை நாள் சாயங்காலம் சின்னக்கருப்பு வந்தான். கடையில் உட்கார இடமில்லாத கூட்டம். மூன்றாம் மெஷின் முன்னால் நின்று விரலை வைத்து நடுவரியைப் படித்தான். விரல் சிவப்பு எட்டில் நின்றது.

"ஏலே, இங்கன வா. இது என்னா?"

"கொறச்சிருக்குண்ணே. அதான் எழுதிப் போட்டேன்."

சின்னக்கருப்பு அவனை மேலும் கீழும் பார்த்தான். "எழுதுனது யாரு, நீயா?"

"ஆமாண்ணே."

"சரி. நாலாவது?"

"ஒம்போது, ஆறு. முழுசுண்ணே."

"வெளிய படிக்க எனக்கும் தெரியும். உள்ள?"

சுயம்புவின் கண் கீறல் விழுந்த பூட்டுக்குப் போனது. கல்லாவிலிருந்து வைகுண்டராஜ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ளயுந்தான்" என்றான் சுயம்பு.

சின்னக்கருப்பு உட்கார்ந்து அஞ்சு டோக்கனையும் போட்டான். பின்னால் நின்ற சுயம்புவுக்கு விழுந்த ஒவ்வொரு சீட்டும் நெஞ்சில் விழுந்தது. இரண்டு ஜோடி வந்தால்தான் பெரிய பயம். நாலைப் பிடித்துக்கொண்டு ஒன்றை மாற்றினால், பன்னிரண்டு தரத்துக்கு ஒரு தரம் ஃபுல் ஹவுஸ் ஆகிவிடும். ஒரு தரம் வந்தது, ஆகவில்லை. அடுத்த தரமும் ஆகவில்லை. வெறும் ஜோடி வந்தபோதெல்லாம் சுருளி மலைச் சாமிக்கு நன்றி சொன்னான். அப்புறம் இரண்டு ராஜாவும் இரண்டு ஏழும் விழுந்தன, கூடவே ஒரு உருப்படாத நாலு. சின்னக்கருப்பு அந்த உருப்படாததை விட்டுவிட்டுப் பொத்தானை அமுக்கினான். டைமன் ஏழு வந்தது; ஃபுல் ஹவுஸ்.

மெஷின் கிணிகிணியென்று டோக்கனை ஏற்ற ஆரம்பித்தது. பத்து, இருபது, முப்பது. சுயம்பு கண்ணை மூடிக்கொண்டான். நாற்பதில் சத்தம் நின்றது.

சின்னக்கருப்பு கண்ணாடியைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். பிறகு மெதுவாகத் திரும்பினான்.

"உள்ளயும்னு சொன்ன."

சுயம்புவின் கை ஆட ஆரம்பித்தது. ஓட வழியில்லை, வாசலில் கூட்டம். பொய்யைப் பொய்யால் மூடவும் அவனுக்குத் தெம்பில்லை. ஆடுகிற கையாலேயே இடுப்புச் சாவியை எடுத்தான். சாவி பூட்டுக்குள் போக மூன்று தரம் தவறியது.

"ஏலே சுயம்பு! கதவத் தொட்ட, வேல போயிரும்!" கல்லாவிலிருந்து வைகுண்டராஜ் எழுந்தார்.

அவன் கரண்டை அணைத்தான். கதவைத் திறந்து டார்ச்சை அடித்தான். பச்சைப் பலகையின் நடுவே சிவப்பு மை ஸ்டிக்கர் ஒட்டிய சிப்பு உட்கார்ந்திருந்தது. அதை நெம்பி எடுத்துச் சின்னக்கருப்புவின் முன்னால் நீட்டினான்.

"இத நான் மாட்டலண்ணே. ஆனா பூட்டுல கீறலப் பாத்தேன். தொறந்து பாக்கப் பயந்துக்கிட்டு, பாக்காமலே உங்ககிட்டச் சொல்லிட்டேன். மூணாவதுல இருக்குறத மட்டும் நாந்தான் மாட்டுனேன்."

அவன் வாழ்நாளில் தடுமாறாமல் பேசிய பேச்சு அதுதான். சின்னக்கருப்பு சிப்பை வாங்கிக்கொண்டு கல்லாவுக்கு நடந்தான். கூட்டம் விலகியது. சிப்பை வைகுண்டராஜின் முன்னால் வைத்தான்.

"அண்ணாச்சி, போர்டுல நாப்பத்தஞ்சு. குடுத்தது நாப்பது. மிச்சம் அஞ்சக் குடுங்க."

வைகுண்டராஜ் எண்ணாமலே ஒரு கை அள்ளினார். சின்னக்கருப்பு அதில் ஐந்தை மட்டும் பொறுக்கிக்கொண்டு மீதியைத் தள்ளிவிட்டான். கடையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து, தன் தலைக்கு மேலே இருந்த கண்ணாடியின் நடுவரியைப் படிக்க ஆரம்பித்தார்கள். அந்தக் கடை திறந்த நாளிலிருந்து அதை அவர்கள் படித்ததில்லை.

பிறகு சின்னக்கருப்பு சுயம்புவிடம் திரும்பி வந்தான். அவன் வலது மணிக்கட்டைப் பிடித்தான். சுயம்பு பல்லைக் கடித்துக்கொண்டான். பவுனுவின் முகம் ஒரு தரம் வந்து போனது. எலும்பு முறிகிற சத்தத்துக்குக் காத்திருந்தான்.

சின்னக்கருப்பு அந்தக் கையைத் திருப்பி விரித்து, ஐந்து டோக்கனையும் வைத்து மூடினான்.

"ஆடுற கையாலயே தொறந்துட்ட. போ, வீட்டுக்குப் போ."

வேலை அன்றோடு போயிற்று. வீட்டில் பவுனு மூடிய கையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இத வச்சு என்னத்த வாங்குறது?" என்று கேட்டாள். சுயம்பு அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, ஊர் கேட்க அழுதான்.