பேட்டரி ரூமில் சொர்ணலதா

தேனியில் பெரியகுளம் சாலையில், ஒரு பெயின்ட் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது பாண்டியராஜனின் அலுவலகம். ஏலக்காய் வியாபாரிகளுக்கும் காய்கறிக் கமிஷன் கடைகளுக்கும் பில் போடுகிற சாஃப்ட்வேர் செய்து விற்கிறார்கள். பாண்டியராஜன் கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை, அப்பாவின் கமிஷன் கடையில் வளர்ந்தவர். அதனால் அலுவலகத்தையும் கமிஷன் கடை மாதிரியே அமைத்துவிட்டார். தடுப்பு, அறை எதுவும் கிடையாது. நீளமான ஒரே ஹால், நட்டநடுவில் அவருடைய மேஜை. உட்கார்ந்த இடத்திலிருந்தே யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம். கூப்பிடவும் செய்வார்.

"சத்தம் கேக்காத கடைக்கு எவன் வருவான்?" என்பது அவர் கட்சி. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் அவர் ஒன்று போட்டால், அடுத்த நிமிடமே எல்லோரும் கட்டைவிரலைத் தூக்க வேண்டும். தூக்காதவர் பெயர் ஹாலில் ஏலம் போகும்.

இந்தச் சந்தைக்கு நடுவில்தான் சொர்ணலதா புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள். உத்தமபாளையத்துப் பெண். உள்ளூர்க் கல்லூரியில் படித்து, சென்னையில் சில வருடம் வேலை பார்த்து, தேவதானப்பட்டியில் வாழ்க்கைப்பட்டுத் தேனிக்கு வேலைக்கு வந்தவள். பாண்டியராஜன் விற்கும் சாஃப்ட்வேரின் முதல் வரியை எழுதியதே அவள்தான். ஆரம்பத்தில் கடை கடையாகப் போய் அதைப் போட்டுக் கொடுத்ததும் அவளே. அந்தப் பாவத்துக்கு, போடியிலிருந்து கம்பம் வரைக்கும் ஒரு வியாபாரி பாக்கியில்லாமல் அவள் செல்போன் எண்ணை வைத்திருந்தார்கள். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் அவளுக்குத்தான் போன்.

அந்த வருடம் ஒரு சிக்கல் முளைத்தது. மலைமேல் ஏலத்தோட்டங்களில் காய் எடை போடுகிறவர்கள் செல்போனிலேயே பதிவு செய்வார்கள். தோட்டத்துக்குள் சிக்னல் கிடையாது. காயை உலர்த்தும் ஸ்டோருக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் பதிவுகள் கீழே போடியில் உள்ள சர்வருக்கு இறங்கும். பாதியில் சிக்னல் அறுந்தால், போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாமல் போன் மறுபடியும் அனுப்பும். ஒரு மூட்டை இரண்டு மூட்டையாகிவிடும். வியாபாரிகள் சும்மா விடுவார்களா?

"பறிப்பு சூடு பிடிக்கிறதுக்குள்ள இது சரியாகணும் சொர்ணம். இல்லன்னா கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனிக்காரன் செஞ்சு தாரேங்கிறான், அவன்கிட்டயே விட்ருவோம். நீ கஸ்டமர் போனைப் பாத்துக்கிட்டா போதும்" என்றார் பாண்டியராஜன். அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை, பாரத்தைக் குறைப்பதாக நினைத்துத்தான் சொன்னார். அவளால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. தான் பெற்றதை யாரிடமோ வளர்க்கக் கொடுக்கச் சொன்னால் எப்படி இருக்கும்?

வழி என்னவோ அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு பதிவுக்கும் அது பிறக்கிற போனிலேயே வேறெதற்கும் வராத ஓர் அடையாள எண் கொடுத்துவிட வேண்டும். அதே எண் மறுபடி வந்தால், கீழே இருக்கிற சர்வர் 'இது ஏற்கெனவே வந்தாச்சு' என்று ஒதுக்கிவிடும். சொல்ல எளிது. ஆனால் அனுப்பியதற்கும் சேர்வதற்கும் நடுவில் எடையைத் திருத்தினால்? ஒரே ஸ்டோரில் இரண்டு போன் இருந்தால்? பழைய பதிவுகளை என்ன செய்வது? இத்தனையும் ஒரே நேரத்தில் தலைக்குள் நிற்க வேண்டும். நிறுத்தி வைக்கவே நேரம் பிடிக்கும். நின்ற வேளை பார்த்து, "சொர்ணம், சின்னமனூர்க்காரர் நம்பர் என்ன?" என்று நடு மேஜையிலிருந்து குரல் வரும். கேள்விக்கு அரை நிமிடம் போதும். கலைந்ததைத் திரும்ப அடுக்கத்தான் அரைமணி நேரம் ஆகும். அதற்குள் செல்போன் டிங் என்னும். பார்க்காவிட்டாலும் யாராக இருக்கும் என்று மனம் பாதி அங்கே போய்விடும். இப்படியே பல வாரங்கள் ஓடின. சாயங்காலம் பார்த்தால் உடம்பெல்லாம் களைப்பு, எழுதியதோ பத்து வரி.

ஒருநாள் பொறுக்க முடியாமல் செல்போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். காதில் பஞ்சையும் வைத்துக்கொண்டாள். பெருநகரத்தில் இதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இந்தப் பக்கத்தில் ஒருவர் போன் அணைந்திருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: என்னமோ நடந்துபோச்சு.

மதியத்துக்குள் அவளுடைய கொழுந்தன் மலைச்சாமி தேவதானப்பட்டியிலிருந்து பைக்கில் பறந்து வந்துவிட்டான். முகத்தில் ரத்தமே இல்லை. அவனுக்குப் பின்னாலேயே கம்பத்து ஏலக்காய்க்காரர் ஒருவர், பஸ் ஏறி வந்து, கையில் ஆரஞ்சுப் பழப் பையோடு மாடிப்படி ஏறினார்.

"என்ன மதினி, போன் ஸ்விட்ச் ஆஃப்னு வருது. ஆத்தா அழுதுக்கிட்டு இருக்காக" என்றான் மலைச்சாமி. மூச்சு வாங்கியது.

"எனக்கு ஒண்ணுமில்ல. வேலை பாக்கேன்."

"வேலை பாக்க எதுக்கு மதினி போனை அணைக்கணும்?"

ஆரஞ்சுக்காரரும் அதையேதான் கேட்டார். ஹாலே எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது. சொர்ணலதாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அத்தனை அன்பு, அந்த அன்பாலேயே பாழாய்ப் போன ஒரு நாள்.

வந்தவர்களை அனுப்பிவிட்டு நேராகப் பாண்டியராஜன் மேஜைக்குப் போனாள்.

"அண்ணே, அப்பா கடையில தக்காளி ஏலம் கூறுவீகள்ல. கூறிக்கிட்டு இருக்கப்ப யாராச்சும் வந்து குடோன் சாவி எங்கனன்னு கேட்டா என்ன செய்வீக?"

"வெரட்டி விட்ருவேன். எவன் எம்புட்டு கேட்டான்னு மனசுல ஓடிக்கிட்டு இருக்கும். நடுவுல வாயைக் குடுத்தா அம்புட்டும் போச்சு, முதல்ல இருந்து கூறணும்."

"எனக்கு நெதமும் அப்படித்தாண்ணே போகுது. ஒரு நாளைக்கு இருபது தடவை முதல்ல இருந்து கூறுறேன்."

பாண்டியராஜன் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். "இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? நீ பாட்டுக்குத் திரையப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்ப. சும்மா இருக்கியேன்னுதான் கூப்பிடுவேன்" என்றார். நடிப்பில்லாத பதில். பேசாமல் உட்கார்ந்திருப்பது வேலை என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

அன்றே ஏற்பாடு ஆனது. ஹாலுக்குப் பின்னால் யுபிஎஸ் பேட்டரிகளும் செத்த பிரிண்டர்களும் கிடக்கிற சின்ன அறை. அதற்குக் கதவு உண்டு. காலையில் வந்ததிலிருந்து மதியச் சாப்பாடு வரை சொர்ணலதா அங்கே. அவள் செல்போன் வெளியே, வியாபாரிகளின் போன்களைக் கவனிக்கும் ஜெபஷீலாவின் மேஜையில். உயிர் போகிற விஷயமென்றால் மட்டும் ஜெபஷீலா கதவைத் தட்டுவாள், மற்றதெல்லாம் மதியம். வீட்டுக்கும் முன்கூட்டியே சொல்லியாகிவிட்டது. அவசரமென்றால் ஜெபஷீலாவுக்குக் கூப்பிடுங்கள்.

முதல் நாள் கதவைச் சாத்தி உட்கார்ந்தாள். பேட்டரியின் முனகலைத் தவிர ஒரு சத்தமில்லை. இத்தனை நாள் கேட்ட வரம் கிடைத்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் பார்த்தால் அவளுடைய கை, மேஜையில் இல்லாத செல்போனைத் துழாவிக்கொண்டிருந்தது. எதுவும் அகப்படாமல் திரும்பியது, மறுபடியும் போனது. கஷ்டமான இடம் வரும்போதெல்லாம் போனது. தண்ணீர் குடிக்கலாமா, ஜன்னலைத் திறக்கலாமா, கம்பத்துக்காரர் கூப்பிட்டிருப்பாரோ? யாருமே கூப்பிடாத அறையில் தன்னைத் தானே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஹாலையும் பாண்டியராஜனையும் திட்டியதில் பாதி தனக்குச் சேர வேண்டியது என்று அப்போது புரிந்தது. வெட்கமாகப் போயிற்று.

அதற்கு மருந்து பிடிவாதம்தான். ஒரு துண்டுத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். மனம் எங்கே ஓடினாலும் அதை அதில் ஒரு வார்த்தையாகக் கிறுக்கிவிட்டு, பிறகு பார்ப்போம் என்று திரையைப் பார்த்தாள். மதியம் எழுந்திருக்கும்போது, மறுநாள் எந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்று புரோகிராமுக்குள்ளேயே ஒரு வரி எழுதி வைத்தாள். முதல் வாரம் சண்டைதான். அடுத்த வாரம் கை துழாவுவது குறைந்தது. அப்புறம் ஒருநாள், பசிக்கிறதே என்று நிமிர்ந்தால் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. இரண்டு போன் சிக்கல் அவிழ்ந்து திரையில் கிடந்தது. அன்றைக்குச் சோற்றுக்கு ருசி தனி.

வெளியே பாண்டியராஜன் காவல் காத்தார். வருகிறவர்களை உதட்டில் விரல் வைத்து அடக்கினார். அவர் அடக்குகிற சத்தம்தான் கதவைத் தாண்டிக் கேட்டது. பாவம், அதற்கு மேல் அவரால் முடியாது.

பறிப்பு சூடு பிடிக்கத் தொடங்கிய சமயம், மூன்று தோட்டங்களில் புது புரோகிராமைப் போட்டுப் பார்த்தார்கள். சிக்னலை வேண்டுமென்றே பாதியில் அறுத்தார்கள், திரும்பத் திரும்ப அனுப்பச் சொன்னார்கள். கீழே போடியில் மூட்டைக்கு ஒரு பதிவு, அவ்வளவுதான். பாண்டியராஜன் ஹாலே அதிரக் கைதட்டிவிட்டு, கோயம்புத்தூருக்குப் போன் போட்டு வேண்டாமென்று சொன்னார். எல்லோருக்கும் அல்வா வந்தது.

அல்வாவைக் கையில் வைத்துக்கொண்டு சொர்ணலதா ஜெபஷீலாவிடம் போனாள். "உன்னாலதான் முடிஞ்சுச்சு ஜெபா. நீ இல்லன்னா என்னைய இழுத்துக்கிட்டே இருந்திருப்பாக."

ஜெபஷீலா சிரித்தாள். சிரித்துவிட்டுத் தயங்கினாள். "அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? சாஃப்ட்வேர்ல சரக்கு ரிப்போர்ட் பகுதியை நான் எழுதுறேன்னு போன வருசம் அண்ணன்கிட்ட கேட்டு வாங்கினேன். இன்னும் முதல் பக்கம் தாண்டல. இந்த ரெண்டு போனும் விடமாட்டேங்குது."

இரண்டு போன். ஒன்று அவளுடையது, மற்றது சொர்ணலதாவினுடையது. இத்தனை வாரமும் கதவுக்கு உள்ளே இருந்த அமைதி, கதவுக்கு வெளியே யாருடைய தலையில் இறங்கியது என்று சொர்ணலதா ஒருநாளும் யோசித்ததில்லை. அல்வாவை மேஜைமேல் வைத்தாள்.

"நாளைக்குக் காலையில நீ உள்ள போ" என்றாள்.

"அப்ப போன்?"

"ரெண்டையும் என்கிட்ட குடு. இனிமே ஒரு நாள் நீ, ஒரு நாள் நான்."

மறுநாள் அவள் ஹாலில் உட்கார்ந்து போன் எடுத்தாள். பத்து மணிக்கே தொண்டை கட்டியது. போடியில் பாஸ்வேர்டு மறந்துவிட்டது, சின்னமனூரில் பிரிண்டர் சிக்கிவிட்டது, ஒருவர் சும்மா நலம் விசாரித்தார். ஒரு போனில் பேசி முடிப்பதற்குள் மற்றது அடித்தது. அத்தனைக்கும் சலிக்காமல் பதில் சொன்னாள். முன்னெல்லாம் எரிச்சல் மூட்டிய அதே கேள்விகள்தான், இன்று எரியவில்லை. பேட்டரி ரூம் கதவு சாத்தியிருந்தது. உள்ளிருந்து கீபோர்டு சத்தம் முதலில் விட்டு விட்டுக் கேட்டது. பதினோரு மணிவாக்கில் அது நிற்காமல் ஓடத் தொடங்கியது. சொர்ணலதாவுக்கு ஜெபஷீலாவைவிட அதிக சந்தோஷமாக இருந்தது.

பாண்டியராஜன் எதையோ கேட்கக் கதவை நோக்கி எழுந்தார். சொர்ணலதா எழுந்து குறுக்கே நின்றாள்.

"மத்தியானம் கேளுங்கண்ணே."