‘நந்து’ என்று கத்தச் சொன்னவருக்கு ஒரு ஷீல்டு

எங்கள் வாலிபால் அணியைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். மாரண்டஹள்ளியில் தமிழ் டீச்சரான நான், நாங்கள் அக்கா என்று கூப்பிடும் கிராம நர்ஸ், அங்கன்வாடி டீச்சர் ஒருவர், இன்னும் மூன்று நான்கு அரசு ஊழியப் பெண்கள். மாவட்டப் போட்டிக்குப் பேர் கொடுத்துவிட்டு, சாயங்காலங்களில் பள்ளி மைதானத்தில் பழகிக்கொண்டிருந்தோம்.

நர்ஸ் அக்காவின் மாமியாருக்குத் தங்கை, கர்நாடகப் பக்கத்திலிருந்து விருந்துக்கு வந்திருந்தார். இளவயதில் மாநில அணிக்கு ஆடியவர். ஒருநாள் வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்தார். மறுநாள் கழுத்தில் விசிலோடு வந்து நின்றார். ஊருக்குப் போவதைத் தள்ளிப்போட்டுவிட்டு, போட்டி முடியும்வரை எங்களோடு இருந்து பயிற்சி கொடுத்தார். எல்லோரும் அவரை ‘அம்மா’ என்றே கூப்பிட்டோம். நாங்கள் இறுதி ஆட்டம்வரை போய் இரண்டாமிடம் வாங்கினோம். ஊரில் எவராலும் நம்ப முடியவில்லை. எங்களாலுந்தான்.

மறுநாள் மாலை ஓசூர் பஸ்ஸில் அவர் கிளம்புவதாக இருந்தது. அதற்கு முன் மைதானத்திலேயே ஒரு ஷீல்டு கொடுத்து வழியனுப்ப முடிவு செய்தோம். பாலக்கோட்டில் அவசரமாகச் சொல்லி, அவர் பெயரைக் கன்னடத்திலும் தமிழிலும் பொறித்து வாங்கினோம். பேசுவது யார் என்ற கேள்வியே எழவில்லை. தமிழ் டீச்சர் இருக்கும்போது வேறு யார்?

நானும் விடவில்லை. ‘விளையாட்டு வானின் விடிவெள்ளியே’ என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதி, மத்தியானம் நர்ஸ் அக்காவிடம் படித்துக் காட்டினேன். அக்கா கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்குது டீச்சர். ஆனா இதுல எங்க மாமியார் தங்கச்சி, சின்ன அத்தை, எங்க இருக்காங்க? கலெக்டர் வந்தாலும் இதையே படிக்கலாமே.”

எனக்குச் சுருக்கென்றது. “அப்ப என்னதான் பேசறது?”

“அவங்க வராம இருந்திருந்தா நம்மகிட்ட எது இல்லாம போயிருக்கும்? அதைச் சொல்லுங்க, போதும்.”

வகுப்புக்குப் போகும்போதும் அதே யோசனை. திடீரென்று பிடிபட்டுவிட்டது. படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினேன்.

மாலையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, எங்கள் வீட்டு ஆட்களெல்லாம் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஊருக்குப் போகிற அம்மா பெட்டியோடு தயாராக வந்திருந்தார். காகிதம் இல்லாமல் அவர் எதிரில் நின்றேன்.

“அம்மா, நீங்க வர்றதுக்கு முன்னாடி, ரெண்டு பேருக்கு நடுவுல வர்ற பந்து எல்லாமே கீழதாங்க விழும். அவங்க எடுப்பாங்கன்னு இவங்க, இவங்க எடுப்பாங்கன்னு அவங்க. யாரும் வாயத் தொறக்க மாட்டோம். பொம்பளைங்க மைதானத்துல கத்தறதான்னு ஒரு கூச்சம். நீங்கதான் ‘நந்து’ன்னு கத்தச் சொன்னீங்க. அதையே ‘என்னுது’ன்னு தமிழ்ல கத்தத்தான் வெக்கமா இருந்துச்சு. கன்னடத்துல கத்திட்டோம். அரையிறுதியில கடைசி பந்து, நம்ம அங்கன்வாடி டீச்சர் பின்னாலயிருந்து ‘நந்து’ன்னு கத்திக்கிட்டே ஓடி வந்து எடுத்தாங்க. அந்தச் சத்தம் நீங்க குடுத்ததுங்க. எங்க எல்லார் சார்பாவும் இதை வாங்கிக்கணும்.”

அவ்வளவுதான். இரண்டு கைகளாலும் ஷீல்டை எடுத்து, எழுத்து அவர் பக்கம் பார்க்க நீட்டினேன். அம்மா எழுந்து வாங்கிக்கொண்டார். போட்டோவுக்காக அதைத் திருப்பிப் பிடிக்கச் சொன்னபோதும் அவர் திருப்பவில்லை. தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கன்வாடி டீச்சரின் வீட்டுக்காரர் முதலில் கைதட்டினார். பிறகு மைதானமே தட்டியது.

“வூட்ல ஷீல்டு தும்ப இருக்குது, நெறைய,” என்றார் அம்மா, கன்னடம் கலந்த தமிழில். “எல்லாத்துலயும் சிறந்த சேவைன்னுதான் போட்டிருக்கும். என்ன சேவைன்னு யாரும் சொன்னதில்லை. இன்னைக்குத்தான் கேட்டுக்கிட்டேன்.”

சொல்லிக்கொண்டே அங்கன்வாடி டீச்சரை இழுத்து அணைத்துக்கொண்டார். போட்டோ எடுத்தவர், “எல்லாரும் நில்லுங்க” என்று கெஞ்சியும் ஒருவரும் நிற்கவில்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பேச வேண்டியிருந்தது. நல்லவேளையாக ஒருத்தர் கடிகாரத்தைப் பார்த்தார்.

பெட்டியை ஒருவர், பையை ஒருவர் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினோம். ஷீல்டை மட்டும் அம்மா யாரிடமும் தரவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டதும் கண்டக்டர் எட்டிப் பார்த்து ஏதோ கேட்டார். அம்மா பந்தை அடிப்பதுபோலக் கையை வீசி வீசிப் பதில் சொல்ல ஆரம்பித்தார். பஸ் நகர்ந்து திரும்பும்வரை அவர் கை ஆடிக்கொண்டே இருந்தது. கண்டக்டர் இன்னும் டிக்கெட் கிழிக்கவில்லை.