சிப் எழுதாத படம்

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் போன் கடை. முன்னால் நான் கவர் விற்கிறேன். உள்ளே என் மச்சினி பிரேமினி பழுது பார்க்கிறாள். வாடிக்கையாளரிடம் கொஞ்சம் சிரித்துப் பேசேன் என்றால், அதற்குத்தானே உங்களை முன்னால் நிறுத்தியிருக்கிறோம் என்பாள். அப்படி ஒரு வாய்.

கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டும் சபாபதி ஒருநாள் வந்தார். அவர் கொண்டுபோன கண்டெய்னர் ஒரு பக்கம் நசுங்கியிருந்ததாம். இவர்தான் இடித்தார் என்று வேலையை விட்டுத் தூக்கப் பார்க்கிறார்கள். ஏற்றும்போதே நசுங்கியிருந்ததை அவர் போனில் படம் பிடித்திருந்தார். பிடித்த சற்று நேரத்தில் போன் உறைந்துவிட்டது. அன்றிலிருந்து லோகோ வரும், அணையும், மறுபடி லோகோ வரும். வேறொரு கடைக்காரன் எல்லாவற்றையும் அழித்து ரீசெட் செய்தும் திறக்கவில்லை. படம்தான் போயிற்று, போனாவது கிடைக்கட்டும் என்றார்.

பிரேமினி புதிய சாஃப்ட்வேர் ஏற்றினாள். முடிந்தது என்றது கணினி. போனின் ரிப்பேர் திரையில் பழைய பதிப்பின் எண்ணே இருந்தது. மறுபடி ஏற்றினாள், அதே எண். கையை எடுத்துவிட்டாள்.

"அங்கிள், இது சாஃப்ட்வேர் கோளாறு இல்ல. எல்லாத்தையும் சேமிக்கிற சிப் போச்சு. படிக்குது, எழுத மாட்டேங்குது. நான் ஏத்துனது ஏறல. அப்ப அந்தக் கடைக்காரரு அழிச்சதும் அழிஞ்சிருக்காது."

சபாபதி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். எனக்கே தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் மூன்று கிளாஸ் தே தாரிக் டீ வாங்கி வந்தேன்.

சிப்பைச் சூடுகாட்டிக் கழற்றி, உள்ளே இருந்ததை அப்படியே புதிய சிப்பில் நகலெடுத்து, அதே போர்டில் பற்றவைத்தாள். படங்களைப் பூட்டிவைக்கும் மறைச்சாவி அந்தப் போர்டின் பிராசசரோடு கட்டுண்டது. வேறு போர்டில் வைத்தால் படங்கள் திறக்காது. போன் உயிர் பெற்றது. மகள் கல்யாணம், பத்துமலை, எல்லாம் இருந்தன. கண்டெய்னர் படம் மட்டும் இல்லை.

"எடுத்ததும் போன்ல கண்ணால பாத்தேன்மா," என்றார் சபாபதி.

"பாத்திருப்பீங்க அங்கிள். அப்ப அது தற்காலிக மெமரியில இருந்துச்சு. சிப் அதுக்கு முன்னாடியே எழுதுறத நிறுத்திடுச்சு. போன் அணைஞ்சதும் போயிருச்சு."

அந்தச் சிப்பை மிதித்து நசுக்கலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. பிரேமினி கடையைச் சாத்தினாள். காரை எடுங்க மச்சான் என்றாள். வாடிக்கையாளருக்காக அவள் கடையை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை.

சபாபதியோடு கிள்ளான் போய், அவருடைய சூப்பர்வைசரிடம், சிப் எப்படிக் கெட்டது, படம் ஏன் தங்கவில்லை என்று பொறுமையாக விளக்கினாள். அவன் கடைசிவரை கேட்டான்.

"சோ, போட்டோ இருக்கா, இல்லையா?"

"இல்ல," என்றாள். அவன் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வெளியே வந்ததும் சபாபதி எங்களைத் தேற்றப் பார்த்தார். "நான் பொய் சொல்லலன்னு எனக்காக நீங்களாவது வந்து சொன்னீங்களே. அது போதும்மா."

"போதாது அங்கிள்," என்றாள் பிரேமினி.