மூடியோரம் இருந்த எட்டு ஓட்டைகள்

எங்கள் உயர்நிலைப் பள்ளியின் கணித அறையில் கண்ணாடி அலமாரி ஒன்று இருந்தது. அதற்குள் தேக்குமரப் பெட்டி ஒன்று. நீளம் இருபது அங்குலம், அகலம் ஒன்பது, உயரம் ஆறு. ஆண்டுதோறும் தளவாடப் பட்டியல் எழுதுவது என் வேலை என்பதால், சேர்ந்த முதல் ஐந்து ஆண்டில் இந்த அளவுகளை ஐந்து தடவை எழுதியிருக்கிறேன். ஐந்து தடவையும் பக்கத்தில் ‘மூடி ஆணி அடித்தது’ என்று குறித்திருக்கிறேன். ஏன் அடித்தது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. என்னுடைய ஒழுங்கின் தரம் அவ்வளவுதான்.

பெட்டி தலைமைக் கணித ஆசிரியரின் சொத்து மாதிரி இருந்தது. அதை வைத்து அவர் ஒரு பாடம் நடத்துவார். பெட்டியின் கீழ்மூலை ஒன்றில் எறும்பு நிற்கிறது. அதற்கு நேரெதிர் மேல்மூலையில் சர்க்கரை. மேற்பரப்பின்மேல் ஊர்ந்துதான் போகவேண்டும், உள்ளே துளைத்துப் போகக்கூடாது. மிகக் குறுகிய வழி எது?

பெட்டியின் நீளச் சுவரும் குட்டைச் சுவரும் சேரும் மூலையில் பித்தளைக் கீல் இருந்தது. கொக்கியை எடுத்தால் குட்டைச் சுவர் கதவு போல விரிந்து நீளச் சுவரோடு ஒரே பலகையாகிவிடும். இருபதும் ஒன்பதும் இருபத்தொன்பது, உயரம் ஆறு. பலகையின் குறுக்கே மூலைக்கு மூலை நூலை இழுப்பார். இருபத்தொன்பதின் வர்க்கம் எண்ணூற்று நாற்பத்தொன்று, ஆறின் வர்க்கம் முப்பத்தாறு, கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ இருபத்தொன்பது புள்ளி ஆறு. பிறகு சுவர்களை மூடுவார். நூல் வளைந்து மூலையைச் சுற்றிப் போவது தெரியும். ஆய்வாளர் வரும் நாட்களில் இதே பாடம்தான் நடக்கும். ஆய்வாளர்களும் தலையாட்டுவார்கள். ஆட்டுவதற்குத்தானே அவர்களுக்குச் சம்பளம்.

விரித்துப் போட்டால் வளைந்த வழி நேர்கோடாகிவிடும் என்பது சரியான கருத்து. அதில் அவர்மீது எனக்குக் குறை இல்லை. பெட்டியை ஒரே விதமாகத்தான் விரிக்க முடியும் என்று அவர் நம்பியதுதான் குறை. கீல் எங்கே இருந்ததோ அங்கேதான் அவருடைய கணிதமும் மடங்கியது.

ஒரு கோடையில் உதவிக் கணித ஆசிரியர் வேலை ஒன்று காலியானது. தேர்வுக் குழுவில் இரண்டு பேர். ஒருவர் பள்ளியின் செக்ரட்டரி, பருத்தி நூல் வியாபாரி. மற்றவர் நம் தலைமைக் கணித ஆசிரியர். நான் குறிப்பு எழுதுபவன், வாக்குக் கிடையாது. கடைசிச் சுற்றுக்கு இரண்டு பேர் வந்திருந்தார்கள். முதலாமவன் தலைமைக் கணித ஆசிரியரின் அக்காள் மகன். எங்கள் பள்ளியிலேயே படித்தவன். இரண்டாமவர் கோரிப்பாளையத்துக்காரர். தகப்பனாருக்கு அங்கே தகர டிரங்குப் பெட்டி செய்யும் கடை. இவர் பி.ஏ. முடித்து ஆசிரியர் பயிற்சியும் முடித்து, இரண்டு ஆண்டாக வேலை தேடிக்கொண்டிருந்தார். இந்த வேலை கிடைக்காவிட்டால் கடையில் உட்கார்ந்துவிட வேண்டியதுதான் என்று தகப்பனார் கெடு வைத்திருப்பதாக, வராந்தாவில் காத்திருக்கும்போது என்னிடம் சொன்னார். கெடு அன்றோடு முடிகிறது என்பதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

இருவருக்கும் ஒரே கேள்வி. பெட்டி, எறும்பு, சர்க்கரை.

அக்காள் மகன் கேள்வி முடியுமுன் இருபத்தொன்பது புள்ளி ஆறு ஒன்று என்றான். யோசித்த மாதிரி நடிக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. மாமா மீசையைத் தடவிக்கொண்டார்.

அடுத்து வந்தவர் அளவுகளைக் கேட்டு, கரும்பலகையில் மூன்று செவ்வகங்கள் வரைந்தார். ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு கோடு. திரும்பி, “இருபத்தஞ்சு அங்குலம், சார்” என்றார்.

“இருவத்தஞ்சா?” தலைமைக் கணித ஆசிரியர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “முழுசா வந்திருக்கே. கணக்குப் போட்டீரா, ஏலம் கேட்டீரா?”

“போட்டேன் சார். பெட்டிய மூணு விதமா விரிக்கலாம். கீல் இருக்கிற ரெண்டு சுவரை மட்டும் விரிச்சா இருவத்தொம்பதரைச் சொச்சம் வரும். குட்டைச் சுவரையும் மூடியையும் விரிச்சா இருவதும் ஆறும் ஒரு பக்கம் சேரும், ஒம்பது தனியா நிக்கும். இருவத்தேழரை வரும். நீளச் சுவரையும் மூடியையும் விரிச்சா ஆறும் ஒம்பதும் சேர்ந்து பதினஞ்சு, இருவது தனியா நிக்கும். பதினஞ்சு, இருவது, இருவத்தஞ்சு. மூணுல இதுதான் சின்னது. பெரிய அளவைத் தனியா விட்டு, சின்ன ரெண்டையும் கூட்டணும். அப்பத்தான் குறையும்.”

“மூடிய யாருய்யா கேட்டா?”

“மூடியும் மேற்பரப்புத்தானே சார்.”

“கீலு எங்க இருக்கோ அங்கதான் பெட்டி விரியும். மூடி ஆணி அடிச்சது. உமக்குத் தெரியுதா?” என்று பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

இதை நான் குறிப்பில் அப்படியே எழுதினேன். ஒரு கணித ஆசிரியர், ஆணி அடித்திருப்பதால் ஒரு நீளம் பொய் என்று சொன்னதை நான் காதால் கேட்ட நாள் அது.

“விரிக்கவே வேணாம் சார். மூடின பெட்டியிலயே நூலை இழுத்துக் காட்டுறேன்” என்றார் அவர்.

நூலின் ஒரு முனையைக் கீழ்மூலையில் என் கையில் பிடிக்கக் கொடுத்தார். நீளச் சுவரின்மேல் சாய்வாக ஏற்றினார். சுவரும் மூடியும் சேரும் விளிம்பில், என் பக்கத்து மூலையிலிருந்து சரியாக எட்டு அங்குலத்தில் நூல் ஏறியது. எட்டு என்று முன்பே சொல்லிவிட்டு அளந்தார். பிறகு மூடியின் குறுக்கே எதிர்மூலைக்கு இழுத்து அங்கே வெட்டினார். பக்கத்தில், தலைமைக் கணித ஆசிரியர் பாடத்துக்காக வெட்டி வைத்திருந்த பழைய நூலைத் தொங்கவிட்டார். பழையது நாலரை அங்குலத்துக்கு மேல் நீண்டு தொங்கியது.

செக்ரட்டரி எழுந்து வந்து இரண்டு நூல்களையும் கையில் வாங்கினார். அந்த நிமிடம் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. வாழ்நாள் முழுக்க நூலை அளந்து விற்றவர். எது நீளம் எது குட்டை என்று அவருக்குமா தெரியாது?

அவர் நூலை விரலிடையில் உருட்டிப் பார்த்தார். “இது நாப்பதாம் நம்பர்னு வாங்கினீங்களா? இருவதாம் நம்பர்யா இது, தடிச்ச நூலு. எவனோ உங்க தலையில கட்டியிருக்கான்” என்று சொல்லிவிட்டு மேசைமேல் போட்டார்.

தலைமைக் கணித ஆசிரியர் தைரியமடைந்தார். “மூடி மேல ஏறுற எறும்பு வழுக்கி விழுந்துரும். தகரக் கடையில வேணா இந்தக் கணக்குச் செல்லும், தம்பி.”

கோரிப்பாளையத்துக்காரர் கோபப்படவில்லை. பெட்டியின் மேல் குனிந்து, நூல் ஏறிய விளிம்பை நகத்தால் சுரண்டினார். அரக்கு உதிர்ந்தது. உள்ளே ஒரு சின்ன ஓட்டை. பக்கத்தில் இன்னொன்று. சற்றுத் தள்ளி வேறு இரண்டு. மூடியின் ஓரத்திலும் அவற்றுக்கு நேராக நான்கு.

“இங்க ரெண்டு கீல் இருந்திருக்கு சார். திருகாணி ஓட்டை எட்டு இருக்கு. கழண்டதும் யாரோ ஆணியடிச்சு, அரக்கு வச்சு மெழுகியிருக்காங்க. பெட்டியச் செய்யச் சொன்னவருக்கு இருவத்தஞ்சு தெரிஞ்சிருக்கு. அதுக்காகத்தான் இந்த அளவைக் கொடுத்திருக்காரு. இல்லேன்னா இம்புட்டுச் சுத்தமா விடை வராது.”

யாரோ என்றது மரியாதைக்காக. மூடி கடகடவென்று ஆடுகிறது என்று, தான் பொறுப்பேற்ற முதல் வருடத்தில் ஆணியடிக்கச் சொன்னவர் யார் என்பது தலைமைக் கணித ஆசிரியரின் முகத்தில் எழுதியிருந்தது. முன்னால் இருந்தவர் விடையைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இவர் அதை மூடி ஆணியடித்து, அதன்மேல் உட்கார்ந்து பதினான்கு வருடம் தவறாகப் பாடம் நடத்தியிருக்கிறார்.

செக்ரட்டரி கடிகாரத்தைப் பார்த்தார். “சரிய்யா, எறும்பு எப்படியோ போயிச் சேரட்டும். நமக்குப் பழகின ஆளா இருந்தா நல்லது. என்ன சொல்றீக?”

“அதேதான்” என்றார் தலைமைக் கணித ஆசிரியர்.

வேலை அக்காள் மகனுக்குப் போனது. குறிப்பில் நான் மூன்று நீளங்களையும், எட்டு அங்குலத்தையும், எட்டு ஓட்டைகளையும் எழுதியிருந்தேன். தலைமைக் கணித ஆசிரியர் அவற்றைச் சிவப்பு மையால் அடித்தார். “குறிப்புன்னா முடிவு மட்டும் போதும்ங்க.” நான் நல்ல காகிதத்தில் திருத்தி எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். தேதியும் போட்டேன். அடித்த காகிதம் என்னிடம் இருக்கிறது. அதை வைத்திருப்பதை ஒரு தைரியம் என்று நான் எப்போதாவது நினைத்துக்கொண்டால், அந்தக் கையெழுத்தையும் சேர்த்து நினைத்துக்கொள்கிறேன்.

மறு வருடம் ஆய்வாளர் வந்தார். அலமாரியிலிருந்து பெட்டி வெளியே வந்தது. மூடியில் இரண்டு புதிய பித்தளைக் கீல்கள் மின்னின. தலைமைக் கணித ஆசிரியர் சுவர்களை விரித்தார், பிறகு மூடியை விரித்தார். “மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, ஒரே விதமாக விரித்துப் பார்ப்பது” என்றார். மூன்று விதத்தையும் விளக்கினார். இருபத்தைந்து என்றதும் ஆய்வாளர் “அழகான எண்” என்று எழுதிக்கொண்டார். அக்காள் மகன் பக்கத்தில் நின்று நூலைப் பிடித்துக்கொண்டிருந்தான். முந்தைய வருடம் தான் சொன்ன விடை எது என்பது அவனுக்கு நினைவிருந்ததாகத் தெரியவில்லை. நான் அந்த ஆண்டுப் பட்டியலில் ‘மூடி, கீல் இரண்டு’ என்று எழுதினேன்.

அந்த வாரம் ஆற்றைக் கடந்து கோரிப்பாளையம் போனேன். கடை வாசலில் அவர் தரையில் குந்தி, தகரத் தகட்டின்மேல் ஆணிமுனையால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஒரே தகட்டில் அடியும் நாலு சுவரும் சிலுவை மாதிரி விரிந்து கிடந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்து முக்காலியைத் துடைத்துப் போட்டார்.

“வாங்க சார். பெட்டி வேணுமா?”

“இல்லை. அந்தப் பெட்டிக்கு மூடி திறந்துடுச்சு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.” ஆய்வாளர் வந்ததையும் பாடத்தையும் சொன்னேன்.

அவர் கோட்டை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். “பழைய ஓட்டையிலயா கீல் போட்டாங்க, புதுசா துளைச்சாங்களா?”

“பழைய ஓட்டையில்தான். எட்டு திருகாணி.”

“அப்ப கீல் சரியா ஒக்காந்திருக்கும்” என்றார். கத்தரியை எடுத்துத் தகட்டை வெட்டத் தொடங்கினார்.