எண் ஏழு, மேல்முறையீட்டாளர் தரப்பு

எட்டாவது படிக்கும்போது ஒருத்தியின் தொடையில் காம்பஸ் முனையை இறக்கினேன். என் அண்ணனைக் கொலைகாரன் என்று சொன்னாள். அந்தச் சொல்லைச் சொன்ன யாரையும் நான் சும்மா விட்டதில்லை. சொந்தச் சித்தப்பாவின் கையைக்கூடக் கடித்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். வண்டித்தடத் தகராறில் பக்கத்துக் காட்டுக்காரர் எங்கள் அப்பாவைச் செருப்பால் அடித்தார். அண்ணன் வீட்டுக்குள் ஓடிக் கொடுவாளை எடுத்து வந்து அவர் கழுத்தில் இரண்டு வெட்டு வெட்டினான். ரத்தம் என் பாவாடைவரை தெறித்தது. ஆயுள் தண்டனை. மேல்முறையீடு ஐகோர்ட்டில் கிடக்கிறது. நான் சேலத்துக்குச் சட்டம் படிக்க வந்ததே அதற்காகத்தான்.

மூன்றாம் ஆண்டில், மாதிரி நீதிமன்றப் போட்டியை முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. வழக்கும் கொலை வழக்குதான். சந்தையில் அடி வாங்கியவன், அடித்தவனை அங்கேயே குத்திச் சாய்க்கிறான். கீழ்க்கோர்ட் கொலை என்றது. திடீர் ஆத்திரத்தில் செய்தது, கொலையாகாது என்று மேல்முறையீடு. எதைப் படித்தாலும் எனக்கு எங்கள் வண்டித்தடம்தான் தெரிந்தது.

மைக்கைப் பிடித்தேன். "ஒரு சுத்துக்கு ரெண்டு அணி. ஒவ்வொண்ணுலயும் வாதாட ரெண்டு பேரு, ஆய்வாளர் ஒருத்தர். அணிக்கு எண் மட்டும்தானுங்க. கல்லூரிப் பேரைச் சொன்னா நீதிபதிங்க ஒரு பக்கம் சாஞ்சிருவாங்கன்னு சொல்றதில்லை. மேல்முறையீடு செஞ்சவங்க முதல்ல பேசுவாங்க, அப்புறம் எதிர்த்தரப்பான அரசு. அணிக்கு அரை மணி. முதல்ல பேசுனவங்க அதுல அஞ்சு நிமிஷத்தை மிச்சம் வெச்சு, கடைசில பதில் சொல்லலாம். நீதிபதிங்க எப்ப வேணா குறுக்க கேள்வி கேப்பாங்க. மார்க்கு வாதத்துக்குத்தான், எந்தப் பக்கம் நியாயம்ங்கறதுக்கு இல்லீங்க."

பிறகு நீதிபதிகளாக உட்கார்ந்திருந்த மூன்று வக்கீல்களை அறிமுகம் செய்தேன். நடுவில் இருந்தவர் கிரிமினல் வழக்குகளிலேயே தலை நரைத்த அம்மா. அடுத்து அணிகள்.

"அணி எண் ஏழு. கொலைகாரன் தரப்பு."

அரங்கம் சிரித்தது. அதைச் சொன்னது என் வாய்தானா?

அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அது கொலையா இல்லையான்னு கேக்கத்தாம்மா நாங்க உக்காந்திருக்கோம். திருத்திச் சொல்லுங்க."

"மேல்முறையீட்டாளர் தரப்பு," என்றேன். என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அடுத்த முறை அண்ணனைப் பார்க்க மனுப் போட்டு ஜெயிலுக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் ரிசீவரைக் காதில் வைத்தான். மறைக்க முடியவில்லை, உளறியதை அப்படியே சொல்லி அழுதேன்.

அவன் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினான். "சரியாத்தான சொல்லீருக்கற, சாமி. நான் கொலைகாரன்தான."

அறையக் கையை ஓங்கிவிட்டேன். கண்ணாடியில்தான் பட்டது.