கட்டடக் குழுவைக் கலைத்த கதை

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை ஒரு நன்றிச் செய்தி எழுதியது. பாறசாலைப் பக்கத்து எங்கள் சபையின் கல்யாண மண்டபம் ஒருவழியாகக் கட்டி முடிந்திருந்தது. கட்டடக் குழுவின் வாட்ஸ்அப் குழுவைக் கலைக்க வேண்டும். அட்மின் அப்பா, பெயர் ராஜதாஸ், குடிநீர்த் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

எங்கள் ஊரில் நன்றியில் ஒரு பெயர் விட்டுப்போனால் அந்தக் குடும்பம் வேறு சபைக்குப் போய்விடும். அதனால் வரைவு நீண்டது.

"ஜெயதாசுக்குமா நன்றி? கட்டவிடாம கேஸ் கொடுத்தவரில்லியா?"

"ஒத்துழைப்புக்கு நன்றின்னு போடு மக்கா. விட்டா அடுத்த குழுவை அவன் தொடங்குவான்."

செய்தியின் முடிவில் அப்பா விவரம் சொன்னார்: ஞாயிறு மாலை முதல் அட்மின் மட்டுமே எழுதலாம், பிறகு எல்லோரும் நீக்கப்படுவார்கள். வரைபடங்கள், ரசீதுகள், படங்கள் எல்லாம் ஒரே ஜிப் கோப்பாக ஆன்லைனில் இருக்கும். அதன் உரிமை புதிய செயலர் விஜயதாசுக்கு மாறும்.

அந்தப் படங்கள்தான் அப்பாவின் கவலை. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் எடுத்தவை. கழிவுநீர்க் குழாய் தரைக்கடியில் எங்கே திரும்புகிறது என்பதற்கு வேறு சாட்சி இல்லை. மற்றவர்கள் போனில் இடம் போதாமல் அவற்றை அழித்துவிட்டு, காலை வணக்கப் பூக்களை வைத்திருந்தார்கள்.

செய்தி போனதும் கும்பிட்ட கைகள் வரிசையாக வந்தன. நடுவில் ஒரு பிறந்தநாள் வாழ்த்து. கடைசியில் மாதர் சங்கத்து ஞானபாய் அக்காவின் குரல் பதிவு: "குழுவை மூடினா சாவு சேதி எப்படி அறியும் ராஜதாஸே?"

நியாயம் என்று பலர் எழுதினார்கள். அப்பா ஒரு வாரம் நீட்டித்தார்.

இதற்கிடையில் உரிமை மாற்றும் அழைப்பை விஜயதாஸ் அண்ணனுக்கு மெயிலில் அனுப்பினார். அவர் ஏற்றால்தான் மாறும். தன் ஊரான செங்கல்லிலிருந்து அவர் போன் செய்தார்.

"எனக்கு இந்த மெயில் பாக்க ஒண்ணும் வராது அண்ணே."

"உனக்கு வராதுன்னு எனக்குத் தெரியாதா? ஞாயிறு ஆராதனை கழிஞ்சு நானே வாறேன். போனை மட்டும் எடுத்து வை."

வெள்ளிக்கிழமை குளிக்கப் போன அப்பா குளிமுறியில் விழுந்தார். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முடிந்துவிட்டது. நீட்டித்த குழுவில் வந்த முதல் சாவுச் செய்தி அவருடையது. அவர் போனிலிருந்து நான்தான் போட்டேன். மறுபடியும் கும்பிட்ட கைகள். ஜெயதாஸ் எழுதியது: ஒத்துழைப்புக்கு நன்றி.

அடக்கம் முடிந்ததும் விஜயதாஸ் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அண்ணன் வாறேன்னு சொன்னதாக்கும். நான் போனை சார்ஜ் போட்டு வச்சிருந்தேன்."

கோப்பு இன்னும் அப்பாவின் மெயில் கணக்கில் இருக்கிறது. யாரும் நுழையாத கணக்கை நிறுவனம் என்றாவது அழிக்கும். செங்கல்லுக்குப் போய் விஜயதாஸ் அண்ணனின் போனில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அப்பா போகவில்லை; நானும் இன்னும் போகவில்லை.