உப்புத் தண்ணிக்கு உப்பு

எங்கள் மில் மேனேஜருக்குத் தண்ணீரில் இரண்டே ஜாதி. காவிரியில் ஓடுவது நல்ல தண்ணி. மற்றதெல்லாம் உப்புத் தண்ணி. காட்டூர்ப் பக்கம் மில் வளாகத்துக்குள் போர் போட்டு இறைத்த தண்ணீர் இரண்டாம் ஜாதி. அதில் கை கழுவினால் சோப்பு நுரைக்காது, தயிர் மாதிரி திரிந்து கையில் ஒட்டும். அந்தத் தண்ணீரைத்தான் பாய்லருக்கு ஊற்றிக்கொண்டிருந்தோம்.

அறுபதுகளின் தொடக்கம். கெமிஸ்ட்ரி பட்டம் வாங்கிக்கொண்டு ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் மாறிப் போய்வந்த நான், துணிக்குச் சாயம் போடும் அந்த மில்லின் லேபில் ஒரே பெண். சாயத்தின் நிறம் சரியா என்று பார்ப்பதுதான் என் வேலை. மேனேஜர் ஸ்ரீரங்கத்துக்காரர், நாமம் கலையாத நெற்றி, யாரையும் பட்டினி போடாத மனசு. மதியம் என் டப்பாவைத் திறந்து பார்த்து, "இது சாப்பாடா? எலிக்கு வைக்கறாப்பல இருக்கே" என்று தன் புளியோதரையில் பாதியை எடுத்து வைப்பார். அவர்மேல் எனக்கு நிஜமாகவே பிரியம் உண்டு. ஆனால் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது அவரை ஏதாவது ஒரு சாயத் தொட்டியில் தள்ளிவிடத் தோன்றும்.

பாய்லரைத் திறந்து சுத்தம் செய்யும்போதெல்லாம் உள்ளே சுண்ணாம்பு போல ஏடு ஏடாகப் படிந்திருக்கும். ஆட்கள் சுத்தியலால் தட்டி எடுப்பார்கள். இரும்புக்கும் தண்ணீருக்கும் நடுவே அந்த ஏடு கம்பளி போர்த்திய மாதிரி உட்கார்ந்துகொண்டால் நிலக்கரி வீண், இரும்பு சூடேறி வளைந்தும் போகும். கடைசியில் முதலாளி மெட்ராஸ் கம்பெனி ஒன்றில் சாஃப்ட்னர் வாங்கினார். ஆள் உயர இரும்புத் தொட்டி, உள்ளே கடுகு போன்ற பிசின் மணிகள். தண்ணீரைக் கடினமாக்கும் சுண்ணாம்புச் சத்தை அந்த மணிகள் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடும். மணிகள் நிறைந்துபோனால் உப்புக் கரைசல் விட்டுக் கழுவ வேண்டும், மறுபடி பசி வந்துவிடும்.

உப்பு மூட்டைகள் வந்து இறங்கியதும் மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். "உப்புத் தண்ணிக்கு உப்பா? பைத்தியத்துக்குப் பைத்தியம் வைத்தியம் பார்க்கறதா?"

நான் விளக்கினேன். நம் தண்ணீர் கரிப்பது ஒரு பிரச்சினை, கடினமாக இருப்பது வேறு பிரச்சினை. சாஃப்ட்னர் இரண்டாவதற்கு மட்டும்தான். கரைந்திருக்கும் மொத்தச் சரக்கு குறையாது, ஆள்தான் மாறும். அவர் தலையாட்டினார். அவர் தலையாட்டினால் ஒன்றும் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். அன்று சாயங்காலமே பாய்லர் ஷெட்டுக்குப் போய், "இனிமே நல்ல தண்ணி வரது. ப்ளோடவுன் வேண்டாம். சூடு பண்ணின தண்ணியைச் சாக்கடையிலே கொட்டினா நிலக்கரி யார் அப்பன் வீட்டுது?" என்று உத்தரவு போட்டுவிட்டு வந்தார்.

ப்ளோடவுன் என்பது பாய்லரின் அடிவால்வைத் திறந்து உள்ளிருக்கும் தண்ணீரில் கொஞ்சத்தை வெளியே தள்ளுவது. நீராவி சுத்தமாகப் பறந்துவிடும், கரைந்தவை உள்ளேயே தங்கிக் கெட்டியாகிக்கொண்டே போகும். அதனால் தள்ளித்தான் ஆக வேண்டும். வால்வைத் திறந்தால் ஷெட்டே அதிரும். பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. எங்கள் பாய்லர்காரருக்கு அது பிடித்த காரியம். சர்டிபிகேட் வைத்திருந்த கெட்டிக்காரர், கூடவே வாய்க்கொழுப்பும் உண்டு. சீப்பை எடுத்து, பாய்லரின் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடியான கேஜ் கிளாஸில் முகம் பார்த்து மீசை வாரிக்கொள்வார். என்னை 'டீச்சரம்மா' என்றுதான் கூப்பிடுவார். கெமிஸ்ட் என்று எத்தனையோ முறை திருத்திப் பார்த்தேன், பலிக்கவில்லை. உத்தரவு வந்ததும் வால்வை விட்டுவிட்டார். "ஐயா சொல்லிட்டாரு, நமக்கென்ன" என்று மீசையை வாரினார்.

சில வாரங்களில் வெள்ளைத் துணியில் பழுப்புப் புள்ளிகள் வந்தன. நீராவியோடு பாய்லர் தண்ணீரும் துளித் துளியாகப் பறந்து வந்திருந்தது. மேனேஜர் ஷெட்டுக்குள் பாய்ந்தார். "தண்ணியை மேல வரைக்கும் ஏத்தி வெச்சிருக்கே. அதான் பொங்கறது."

"இல்லீங்க. லெவல் சரியாத்தான் இருக்கு. கேஜ் கிளாஸ்ல தண்ணி தானா குதிக்குது, பாருங்க."

"தண்ணி தானா குதிக்குமா? நீ தூங்கறே, அது குதிக்கறது. வெள்ளிக்கிழமை முதலாளி வரார். உன் கணக்கை முடிச்சு அனுப்பச் சொல்லப் போறேன்."

அன்று மதியம் பாய்லர்காரர் லேப் வாசலில் வந்து நின்றார். மீசை வாரவில்லை. "டீச்சரம்மா, துணியைக் கெடுத்தவன்னு பேர் வந்துட்டா, இந்தத் திருச்சியில எந்த பாய்லர் ஷெட்டுலயும் என்னை ஏத்த மாட்டாங்க. சர்டிபிகேட்டை வெச்சு அடுப்பு மூட்டிக்க வேண்டியதுதான்." அந்த வாயாடி மனிதர் குரல் இறங்கிப் பேசியது எனக்குத் தாங்கவில்லை. கோபம் கோபமாக வந்தது. அவர்மேல் இல்லை.

பாய்லர் தண்ணீரை ஒரு குப்பியில் பிடித்துவரச் சொன்னேன். ஆறவிட்டு, அதையும் சாஃப்ட்னர் தண்ணீரையும் சில்வர் நைட்ரேட் வைத்துச் சோதித்தேன். குளோரைடு ஏடாகப் படியாது, நீராவியோடும் போகாது. அதனால் தண்ணீர் எத்தனை மடங்கு கெட்டியாகியிருக்கிறது என்று அது மறைக்காமல் சொல்லிவிடும். பத்து மடங்கு. உள்ளே போகும் தண்ணீரில் கரைந்த சரக்கு பத்து லட்சத்துக்கு எழுநூறு பங்கு. அப்படியானால் பாய்லருக்குள் ஏழாயிரம். எங்கள் பாய்லர் தாங்குவது மூவாயிரத்து ஐந்நூறு. போதாக்குறைக்கு உள்ளே சோடாக் காரமும் ஏறியிருந்தது. நுரைக்காமல் என்ன செய்யும்?

"அஞ்சு மடங்குக்கு மேல போகக் கூடாது, சார். அஞ்சு குடம் உள்ள போனா ஒரு குடத்தை வெளிய தள்ளியே ஆகணும். நீங்கதான் நிறுத்தச் சொன்னீங்க" என்றேன்.

"அஞ்சுக்கு ஒண்ணு சாக்கடைக்கா? அப்புறம் சாஃப்ட்னர் எதுக்கும்மா?"

சாஃப்ட்னரையும் சும்மா விடுவானேன் என்று அதிலிருந்து வரும் தண்ணீரைக் குப்பியில் பிடித்து சோப்புக் கரைசல் ஊற்றிக் குலுக்கிப் பார்த்தேன். விடியற்காலை உப்பு விட்டுக் கழுவியதும் நுரை பொங்கியது. மத்தியானம் பார்த்தால் நுரையே இல்லை. இரவும் பகலும் தாங்க வேண்டிய பிசின் உச்சி வேளைக்குள் வயிறு நிறைந்து படுத்துவிட்டது. அதன்பிறகு சுண்ணாம்பு நேராகப் பாய்லருக்குள் போய்க்கொண்டிருந்தது. இதைச் சொன்னதும் மேனேஜர் முகம் மலர்ந்தது.

"பார்த்தியா! மெட்ராஸ்காரன் ஏமாத்திப்பிட்டான். தந்தி அடிக்கறேன். வெள்ளிக்கிழமை முதலாளி முன்னாடியே வந்து பதில் சொல்லட்டும்."

வெள்ளிக்கிழமை கம்பெனி இன்ஜினியர் வந்தார். மெலிந்த மனிதர், கோட்டு போட்டுக்கொண்டு திருச்சி வெயிலில் அவிந்துகொண்டிருந்தார். முதலாளி, மேனேஜர், நான், ஓரமாகப் பாய்லர்காரர், எல்லோரும் சாஃப்ட்னரைச் சுற்றி நின்றோம். இன்ஜினியர் போர்த் தண்ணீரைத் தன் குப்பியில் பிடித்து சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கினார். விட்டுக்கொண்டே இருந்தார், நுரை வந்தபாடில்லை.

"இது ஆர்டர் கொடுக்கறப்போ நீங்க சாம்பிளுக்கு அனுப்பின தண்ணி இல்லை சார். அதுல கடினம் நூறு பங்குதான். இதுல நானூறு. நாலு மடங்கு. தினம் ஓடற தண்ணி எவ்வளவு, அதுல கடினம் எவ்வளவுன்னு பெருக்கித்தானே பிசின் அளவு போடுவோம்? நீங்க அனுப்பின தண்ணிக்கு இந்தத் தொட்டி ஒரு நாள் பூரா தாங்கும். இந்தத் தண்ணிக்குக் கால் நாள்தான்."

"எங்க மில் தண்ணிதான் அனுப்பினோம்" என்றார் முதலாளி.

"எனக்கு நன்னா ஞாபகம் இருக்கு சார். பாட்டில்ல ஒரு துளசி இலை மிதந்தது. லேப்ல எல்லாரும் சிரிச்சோம்."

மில்லில் தண்ணீர்க் கூஜாவில் துளசி போடுகிற ஆள் ஒருவர்தான். எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

மேனேஜர் மறைக்கவே இல்லை. பெருமையாகச் சொன்னார். "நான்தான் நிரப்பினேன். காவிரியிலே, அம்மா மண்டபம் படித்துறையிலே, குளிச்சு மடியா. பின்னே? மெட்ராஸ் வரைக்கும் நம்ம ஊர்ப் பேர்ல போற தண்ணி. இந்தக் கஷாயத்தை அனுப்பி மானத்தை வாங்கிக்கவா? வரவாளுக்கு நல்ல தண்ணிதானே கொடுப்போம்!"

முதலாளி சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. தான் செய்தது மெல்ல மெல்ல அவருக்கு விளங்கிக்கொண்டிருந்தது, அவர் முகத்திலேயே தெரிந்தது. பாவமாக இருந்தது. ஆனாலும் நான் விடவில்லை. குளோரைடு கணக்கைச் சொன்னேன், ப்ளோடவுன் நின்ற கதையைச் சொன்னேன். துணி கெட்டது லெவல் ஏற்றியதால் அல்ல, பாய்லர்காரர்மேல் தப்பில்லை என்றும் சேர்த்தே சொன்னேன்.

முதலாளி பெரிய தொட்டிக்குச் சொல்லிவிட்டார். அது வரும்வரை ஒரு நாளைக்கு நாலு தடவை உப்பு விட்டுக் கழுவுவதென்று ஏற்பாடு. துணி உலர்த்தும் உருளைகளில் நீராவி குளிர்ந்து விழும் தண்ணீரைச் சாக்கடைக்கு விடாமல் பாய்லர் தொட்டிக்கே திருப்ப நான் சொன்னேன். அது கிட்டத்தட்ட மழைத்தண்ணீர் போல. சேர்த்தால் போர்த் தண்ணீரும் குறையும், வெளியே தள்ளுவதும் குறையும். அதற்கும் சரி என்றார். கிளம்பும்போது மேனேஜரிடம், "பாய்லர்காரர்கிட்டே நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றார்.

மறுநாள் மேனேஜர் காலையிலிருந்து மில்லை மூன்று சுற்றுச் சுற்றினார். பாய்லர் ஷெட் பக்கம் மட்டும் போகவில்லை. பாய்லர் தண்ணீர் எடுக்க நான் ஷெட்டுக்குள் போனபோது, பாய்லர்காரர் அடிவால்வைத் திறந்திருந்தார். காது கிழிகிற இரைச்சல். அந்த நேரம் பார்த்து மேனேஜர் விறுவிறுவென்று உள்ளே வந்தார். பாய்லர்காரர் முன்னால் நின்று, வாயை அசைத்து என்னவோ சொன்னார். எங்கள் யாருக்கும் ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. சொல்லி முடித்துவிட்ட நிம்மதியோடு திரும்பினார்.

பாய்லர்காரர் வால்வை மூடினார். ஷெட் முழுக்க அமைதி.

"என்னங்க சொன்னீங்க? காதுல விழலை."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் குப்பியைக் கழுவுவதில் மும்முரமாக இருந்தேன். கரி அள்ளிக்கொண்டிருந்த ஆட்கள் கையை நிறுத்தினார்கள்.

"தப்பு உன்னோடது இல்லேன்னேன்" என்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "என்னோடது."

"சரிங்க" என்றார் பாய்லர்காரர். சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, கேஜ் கிளாஸ் பக்கம் திரும்பினார். கிளாஸுக்குள் தண்ணீர் அசையாமல் நின்றது.